செட்டப் குறிப்பு கிடைத்தது, நன்றி

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மின்தராசின் திரை. கண்ணாடி உடைந்து, அதன் விரிசல்களுக்குள் இரத்தம் காய்ந்து கறுத்துப்போயிருந்தது. தராசின் கொக்கி பாதி நிமிர்ந்து கிடந்தது. சீமெந்துத் தரையில் கொழுந்து சிதறி, மிதிபட்டு, நாட்கணக்கில் அழுகிப் புளித்த வாடை அடித்தது. சுவரில் கிழிக்கப்பட்ட கடதாசியின் மேல்பாதி மட்டும் ஒட்டியிருந்தது.

நான் பதுளையில் ஒரு தராசுக் கடையில் வேலை செய்கிறேன். பிறந்தது ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டத்து லயக் குடியிருப்பில். கடை முதலாளி ஒரு முஸ்லிம். எல்லோரையும் போல நானும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். முன்பெல்லாம் அவர் படிக்கல்லும் இரும்புத் தராசும் விற்றவர். இப்போது தோட்டங்களில் கொழுந்து நிறுக்க மின்தராசு வந்துவிட்டது. கொழும்புக் கம்பனி தராசை அனுப்பும், கூடவே ஆங்கிலத்தில் ஒரு செட்டப் குறிப்பும் அனுப்பும். அதைப் பார்த்துத் தராசை மாட்டிக் கொடுப்பது என் வேலை.

ஆனால் தெமோதரைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் முதல் தராசை மாட்டியது நாங்கள் அல்ல. கம்பனி ஆள் ஒருவர் நேரே வந்து மாட்டி, குறிப்பைக் கணக்கப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் பிற்பகல் ரெயிலில் போய்விட்டார். கணக்கப்பிள்ளை என்றால் மலையில் வேலையைப் பார்ப்பவர், கொழுந்தின் எடையைப் பதிவுசெய்பவர். தொழிலாளர்கள் தமிழில் கேட்டார்கள் என்பதற்காக அவர் அந்தக் குறிப்பைக் கைப்பேசியில் போட்டு மொழிபெயர்த்து, பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினார். வந்ததை அப்படியே ஒட்டினார். தானே ஒருமுறை நிதானமாக வாசித்துப் பார்த்திருந்தாலும் நிறுத்தியிருப்பார்.

மிஞ்சியிருந்த பாதியை வாசித்தேன். 'தொங்கவிடு', 'அழுத்து', 'தொடாதே' என்று எல்லாமே மிரட்டலாக இருந்தது. நடுவில் ஒரு வரி: 'மறுக்கும் நபர்களை அடுத்த நிறுவைக்கு முன் அகற்ற வேண்டும்.'

ஆங்கிலக் குறிப்பில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு கார்டு உண்டு. அதைக் கணக்கப்பிள்ளை கையிலுள்ள டெப்பில், அதாவது டெப்லெட்டில், காட்டினால் பெயர் வரும். சில நேரம் டெப் கார்டை வாசிக்காமல் ரிஜெக்ட் என்று காட்டும். அந்தத் தவறான பதிவை நீக்கிவிட்டு அடுத்த ஆளை நிறுக்க வேண்டும் என்பதுதான் விஷயம். ரிஜெக்டட் யூசர் என்று கம்பனிக்காரர் எழுதியது கைப்பேசிக்குள் போய், மறுக்கும் நபராகி வெளியே வந்திருந்தது.

சண்டை எப்படி நடந்தது என்பதைப் பிறகு பலர் சொல்லிக் கேட்டேன். புதுத் தராசு வந்ததிலிருந்து எல்லோருடைய கொழுந்தும் குறைந்துகொண்டே வந்தது. பைக்குக் கொஞ்சம், எல்லாப் பைக்கும். மாதர் சங்கத் தலைவி, நாற்பது வயதுக்காரி, மாலை நிறுவையின்போது கேட்டாள்:

"ஐயா, இது ஏன் பழைய தராச விடக் கொறையாக் காட்டுது?"

"மெஷின் பொய் சொல்லாது. நீதான் கொறையா எடுத்திருக்க."

"நான் இந்த மலையில எத்தன வருசமா எடுக்கிறேன்? என் பை பாரம் எனக்குத் தெரியாதா?"

கணக்கப்பிள்ளை சுவரைக் காட்டினார். "வாசிச்சுப் பாரு. மறுக்கிறவங்கள அகத்தணும்னு கம்பனியே எழுதியிருக்கு. இன்னும் ஒரு வார்த்த பேசின, நாளைக்கு உனக்குப் பேர் இல்ல, சம்பளமும் இல்ல."

அவள் டெப்பைப் பிடித்து இழுத்தாள். அவர் திருப்பி இழுத்துத் தள்ளினார். கொழுந்து ஈரத்தில் கால் வழுக்கி, அவள் இடது கையின் மேலேயே விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் வரிசையின் கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்டதாம். அவளுடைய புருசன் கவ்வாத்துக்காரன், தேயிலைச் செடியைக் கத்தரித்துவிடுபவன். லொறியில் சாக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். ஓடி வந்து, தராசைக் கொக்கியோடு பிடுங்கி, கணக்கப்பிள்ளையின் முகத்தில் அடித்தான். நெற்றி பிளந்தது. அவர் விழுந்த பிறகும் அடித்தான். மற்றவர்கள் கல்லாலும் மண்வெட்டிப் பிடியாலும் தராசை நொறுக்கினார்கள். பொலிஸ் வந்து அவனை இழுத்துக்கொண்டு போகும்போது பெண்கள் ஜீப்பின் மேல் கொழுந்துப் பைகளை எறிந்தார்களாம்.

அவன் பிணையில் வெளியே வந்தான். கணக்கப்பிள்ளை தையலோடு வேலைக்குத் திரும்பினார். தொழிலாளர்கள் மலையில் வேலைக்கு இறங்கவில்லை. கம்பனி இரண்டாவது தராசை எங்கள் கடைக்கு அனுப்பி, "நீங்களே மாட்டிக் கொடுங்கள்" என்றது. கூடவே அதே ஆங்கிலச் செட்டப் குறிப்பும் ஈமெயிலில் வந்தது. கடைசி வரியில், கிடைத்ததை உறுதிசெய்யவும் என்று எழுதியிருந்தது.

வழக்கமாக ஆங்கிலத்தில் இரண்டு சொல் எழுதி அனுப்பிவிடுவேன். கிடைத்தது, நன்றி. அதற்கு மேல் யாரும் கேட்டதும் இல்லை. இந்தத் தடவை தலைவி கேட்டாள். நானாவும் நானும் நிலைமையைப் பார்க்க மடுவத்துக்குப் போன அன்றே, மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"தங்கச்சி, அவங்க இங்கிலீசுல உங்களுக்கு என்ன எழுதினாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. நீங்க அதுக்கு என்ன பதில் எழுதுறீங்களோ, அத தமிழ்ல எழுதுங்க. எங்க முன்னாடி வாசிங்க. அப்புறம் மெஷின மாட்டுங்க. இல்லேன்னா இதையும் ஒடைப்பாங்க. நான் தடுக்கமாட்டேன்."

பக்கத்தில் நின்ற சின்னத்துரைக்கு, அதாவது உதவி மனேஜருக்கு, அது பிடிக்கவில்லை. ஆனால் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. சரி என்று தலையாட்டினார்.

அன்று மாலை கடையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். குறிப்பை எழுதி அனுப்பும் கொழும்பு இஞ்ஜினியர் தமிழர்தான். அலுவலகப் பழக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதுகிறார். ஆகவே தமிழில் பதில் போவது அவருக்குச் சிரமமில்லை. எனக்குத்தான் சிரமமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில் எழுதியதும் நானா நெற்றியைச் சுருக்கினார்.

"என்ன புள்ள இது, மின்கல மின்னேற்றம்? பெட்டரி சார்ஜ் எண்டு போடுங்க. மலையில எல்லாரும் போன் சார்ஜ் பண்றவங்கதானே."

புளூடூத்தை அப்படியே விட்டோம். டெப்பை டெப் என்றே எழுதினோம். டேர் என்ற சொல்லில் நின்றோம். வெறும் பையைத் தராசில் மாட்டி டேர் பட்டனை அழுத்தினால், பையின் எடையைத் தராசு கணக்கில் எடுக்காமல் திரையைச் சீரோவுக்குக் கொண்டுவரும். இதற்குக் கழிவு என்று ஒரு சொல் சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் எங்கள் தோட்டங்களில் அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிறு எரியும். மழை பெய்தால் ஈரத்துக்குக் கழிவு, முற்றல் இலைக்குக் கழிவு என்று எடையைக் குறைப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே டேர் பட்டன் என்றே எழுதி, அழுத்தினால் என்ன நடக்கும் என்பதைப் பக்கத்தில் ஒரு வாக்கியமாகச் சொன்னேன்.

குறிப்பை மூன்றாம் தடவை வாசிக்கும்போதுதான் அந்த இடம் தட்டியது. டெப்பிலுள்ள ஆப்பின் செட்டிங்கில் பை எடை என்று ஓர் இடம் உண்டு, அதில் ஓர் அளவு ஏற்கனவே போடப்பட்டிருக்கும், தேவையானால் மாற்றலாம் என்று ஒரு வரி. தராசில் டேர் அழுத்துகிறோம். ஆப்பும் தன் பங்குக்குப் பையின் எடையை எடுத்தால்?

நானாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கேட்டு எழுதுங்க," என்றார். "மரியாதையாக் கேளுங்க. ஆனா கேளுங்க."

நான் எழுதியது இதுதான்.

'மதிப்புக்குரிய ஐயா, வணக்கம். புதிய மின்தராசுக்கான உங்கள் ஆங்கிலச் செட்டப் குறிப்பு கிடைத்தது. நன்றி. முழுவதும் வாசித்தோம். நாங்கள் விளங்கிக்கொண்டதைக் கீழே எழுதுகிறோம். பிழை இருந்தால் தயவுசெய்து திருத்தித் தாருங்கள்.

மாட்டுவதற்கு முதல் நாளே பெட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்வோம். தராசை மடுவத்தின் இரும்புக் குறுக்குக் கம்பியில் மாட்டுவோம். கொக்கி வெறுமையாக இருக்கும்போது ஆன் செய்து, திரையில் சீரோ வருகிறதா என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பிய சோதனைப் படிக்கல்லை மாட்டி, அதில் பொறித்திருக்கும் எடையே திரையில் வருகிறதா என்று எல்லோர் முன்னிலையிலும் பார்ப்போம். பிறகு வெறும் பையை மாட்டி டேர் பட்டனை அழுத்துவோம். திரை மறுபடி சீரோவுக்கு வரும். அதன் பின் திரையில் தெரிவது கொழுந்தின் எடை மட்டுமே.

டெப்பைப் புளூடூத் மூலம் தராசோடு இணைப்போம். சிக்னல் இல்லாத நேரத்திலும் பதிவுகள் டெப்பில் பத்திரமாக இருக்கும் என்றும், சிக்னல் கிடைத்ததும் சேர்வருக்குப் போகும் என்றும் விளங்கிக்கொண்டோம். ஒருவருடைய கார்டுக்கு ரிஜெக்ட் என்று வந்தால், அந்தப் பதிவை மட்டும் நீக்கிவிட்டு, மறுபடி கார்டைக் காட்டும்படி அவரைக் கேட்டுக்கொள்வோம். நீக்கப்படுவது பதிவு மட்டுமே, ஆள் அல்ல.

ஒரு சந்தேகம். தராசில் டேர் அழுத்திய பிறகு, ஆப்பில் பை எடை என்ற இடத்திலும் ஓர் அளவு இருந்தால், ஒரே பையின் எடை இரண்டு தடவை குறையாதா? முதல் தராசில் இப்படி நடந்ததா என்பதையும் பார்த்துச் சொல்ல முடியுமா?

உங்கள் பதில் வந்த பிறகே தராசை மாட்டுவோம். மாட்டியதும் அறியத் தருகிறோம். இப்படிக்கு.'

நானா கையெழுத்துப் போட்டார். படம் எடுத்து அனுப்பினேன்.

மறுநாள் காலையில் பதில் வந்தது. தமிழிலேயே எழுதியிருந்தார். நீங்கள் விளங்கிக்கொண்டது எல்லாம் சரி. பை எடை என்ற இடத்தில் சீரோ போடவும். முதல் தராசின் பதிவுகளைப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் குறைந்திருக்கிறது. வருந்துகிறேன்.

அதை மனேஜர் அலுவலகத்தில் சின்னத்துரையிடம் காட்டினோம். அவர் முகம் வெளுத்தது.

"இந்தச் சந்தேகத்தையும் இந்தப் பதிலையும் வாசிக்க வேணாம். மிச்சத்த வாசிங்க. கொறஞ்ச கிலோவ நாங்க பிறகு சேர்த்துக் குடுப்போம்."

"சேர், இத விட்டுட்டு வாசிச்சா அது நான் எழுதின பதில் இல்ல. பிறகு தெரிய வந்தா மிச்சம் ஒண்ணையும் நம்பமாட்டாங்க."

"வாசிச்சா அடிப்பாங்க."

"பொலிசக் கூப்பிடுங்க சேர்," என்றார் நானா. "நான் கையெழுத்துப் போட்டது முழுக் கடதாசிக்கு."

இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். இருவருக்கும் தமிழ் தெரியாது. மடுவம் நிறைந்து, வெளியே வாய்க்கால் ஓரம்வரை ஆட்கள் நின்றார்கள். கணக்கப்பிள்ளை டெப்பை நெஞ்சோடு அணைத்தபடி மேசைக்குப் பின்னால் நின்றார். பஞ்சுக்கட்டின் ஓரத்தில் தையல் தெரிந்தது. படிக்கல்லை மேசை மேல் வைத்திருந்தேன். பிடி வைத்த இரும்புக் கல். தலைவியின் புருசன் வாசலுக்கு வெளியே நின்றான். உள்ளே வரக் கூடாது என்பது பிணை நிபந்தனை.

வாசித்தேன். மதிப்புக்குரிய ஐயா என்றதும் ஒரு கிழவர் சிரித்தார். பெட்டரி, புளூடூத் என்று போகும்போது தலைகள் ஆடின. 'நீக்கப்படுவது பதிவு மட்டுமே, ஆள் அல்ல' என்றபோது பெண்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. பிறகு சந்தேகத்தை வாசித்தேன். இஞ்ஜினியரின் பதிலை எடுத்து, இரண்டு இடத்திலும் குறைந்திருக்கிறது என்ற வரியை வாசித்தேன்.

பிறகு ஒருத்தி கத்தினாள்: "அப்போ நாங்க சொன்னது உண்மதானே!"

மடுவம் முழுவதும் ஒரே உடம்பாக முன்னே வந்தது. மேசை என் வயிற்றில் இடித்தது. கணக்கப்பிள்ளை, "எனக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது" என்று அலறியது கேட்டது. கூடைக் கயிறுகளாலும் கம்புகளாலும் பெண்கள் அவரை அடித்தார்கள். ஒருத்தி பஞ்சுக்கட்டைப் பிய்த்தாள். தையல் விட்டு இரத்தம் கண்ணுக்குள் வடிந்தது. பொலிஸ்காரர் ஒருவரின் தொப்பி காலடியில் உருண்டது. சின்னத்துரை ஜீப்பை நோக்கி ஓடினார். பின்னாலேயே கல் பறந்து கண்ணாடி நொறுங்கியது. தலைவியின் புருசன் அரைச்சுவர் ஏறிக் குதித்து வந்து, மேசை மேலிருந்த படிக்கல்லைத் தூக்கினான்.

நான் அவனைத் தடுக்கப் போகவில்லை. ஓடத்தான் பார்த்தேன். அவன் கையை ஓங்கும்போது முழங்கை என் வாயில் பட்டது. பல் ஒன்று நாக்கின் மேல் விழுந்தது. கல் கணக்கப்பிள்ளையின் தோளில் இறங்கியது. அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. அவர் கத்தக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்தார். அவன் இரண்டாம் தடவை ஓங்கினான். இந்தத் தடவை தலைக்கு.

தலைவி பக்கவாட்டில் வந்து, மாவுக்கட்டுக் கையால் தன் புருசனின் முகத்தில் ஓங்கி அறைந்தாள். கட்டு விரிசல் விட்டது. வலியில் அவள் மடிந்து விழப் பார்த்தாள். அவன் கையிலிருந்து கல் நழுவித் தரையில் விழுந்து சீமெந்தைப் பெயர்த்தது.

"கடதாசிய முழுசா வாசிக்க விடுங்க!" என்று கத்தினாள். தொண்டை கிழிந்த குரல். "நான்தான் கேட்டேன்! நான்தான் தமிழ்ல எழுதச் சொன்னேன்! முடிக்கட்டும்!"

நானா கணக்கப்பிள்ளையின் மேல் குனிந்து, தன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த முதுகில் இரண்டு அடி விழுந்த பிறகுதான் கலவரம் ஓய்ந்தது.

கடதாசியில் என் இரத்தம் சொட்டியிருந்தது. உதடு வீங்கி வார்த்தைகள் குழறின. பை எடை என்ற இடத்தில் சீரோ போடவும், என்று வாசித்தேன். உங்கள் பதில் வந்த பிறகே தராசை மாட்டுவோம். மாட்டியதும் அறியத் தருகிறோம். அழுதுகொண்டே வாசித்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது தெரியவில்லை.

பொலிஸ்காரர்கள் புருசனைக் கைவிலங்கிட்டு இழுத்துப் போனார்கள். அவன் எதிர்க்கவில்லை. கணக்கப்பிள்ளையை லொறியில் ஏற்றினார்கள். அப்படியிருந்தும் யாரும் கலையவில்லை. தலைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். "மாட்டுங்க," என்றாள்.

வாயில் துணியை வைத்து அழுத்திக்கொண்டு மாட்டினேன். தராசு ஆடி ஓய நெடுநேரம் பிடித்தது. சீரோ வந்தது. படிக்கல்லின் மூலை சிதைந்துவிட்டதால் அதை நானா ஒதுக்கிவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த வேறு கல்லை மாட்டினார். அதில் பொறித்த எடையே திரையில் வந்தது. பையை மாட்டி டேர் அழுத்தினேன். டெப்பைத் திறந்து, பை எடையில் சீரோ போட்டதை ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள்.

பதுளை ஆஸ்பத்திரியில் என் உதட்டுக்குத் தையல் போட்டார்கள். கணக்கப்பிள்ளை வெளி வராந்தாவில் தள்ளுக்கட்டிலில் கிடந்தார். தோள்பட்டை எலும்பு நொறுங்கியிருந்தது. போகாமல் இருக்க முடியவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்த வரிய வாசிக்காம விட்டிருக்கலாமேம்மா," என்றார்.

விலகிக் கிடந்த போர்வையை அவர் காலின் மேல் இழுத்துவிட்டேன்.

அவரே தொடர்ந்தார்: "ரெண்டு தரம் போயிருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தப் பொம்பளயத் தள்ளியிருக்கமாட்டேன்." பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றே இஞ்ஜினியருக்கு எழுதினேன். மதிப்புக்குரிய ஐயா, தராசு மாட்டப்பட்டது, சோதனை எடை சரியாக இருக்கிறது, பை எடை சீரோ. மடுவத்தில் சண்டை நடந்து ஆட்களுக்குக் காயம் என்பதையும் ஒரு வரியில் எழுதினேன். அதன் பிறகு கம்பனியின் குறிப்புகள் தமிழிலும் சிங்களத்திலும் வர ஆரம்பித்தன. அவை சரியா என்று அனுப்பும் முன் என்னிடம் கேட்கிறார்கள். பை எடை என்ற இடம் இப்போது வெறுமையாகவே வருகிறது.

தோட்டம் வேலைக்கு இறங்கியது. குறைந்த கிலோவை மறுமாதச் சம்பளத்தில் சேர்த்தார்கள். கணக்கப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு, பண்டாரவளையில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாதாம்.

சில மாதங்களுக்குப் பிறகு பதுளை பஸ்ஸில் தலைவியைக் கண்டேன். சிறைச்சாலைக்குப் போய்வருகிறாள் என்பது கையிலிருந்த சாப்பாட்டுப் பையைப் பார்த்ததும் தெரிந்தது. கை கொஞ்சம் கோணலாகப் பொருந்தியிருந்தது. என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் முன்னால் போய் நின்றுகொண்டாள். இறங்கப் போகும்போது மட்டும் திரும்பி வந்து, கம்பியைப் பிடித்தபடி குனிந்தாள்.

"நீங்க எழுதினது சரிதான் தங்கச்சி. வாசிச்சதும் சரிதான். ஆனா என் வீட்டுக்காரன் உள்ள கெடக்கான். அதனால உங்க மூஞ்சியப் பாக்க எனக்கு ஏலாது. கோவிச்சுக்காதீங்க."

பஸ் நின்றது. முறிந்த கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி இறங்கிப் போனாள்.